குளிரிலும் தண்ணீர் தேடும் கிழட்டுப் பூனை

கொழும்பில் ஒரு வயதான பூனை வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்தால் வெயில் என்று சொல்லி விட்டுவிடுவார்கள். யாழ்ப்பாணத்திலும் அப்படித்தான். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் இருக்கிற நமக்கு அந்தக் காரணம் பொருந்தாது. ஜூன், ஜூலையில் விடாமல் தூறிக்கொண்டிருக்கும்போது, மனிதர்களே தண்ணீரைத் தொட யோசிக்கிற குளிரில், 12 வயதுப் பூனை ஒன்று பீலிக்கரைக்குப் போய் நின்று நக்கி நக்கிக் குடிக்கிறதென்றால் அதற்கு உடம்புக்குள்ளேதான் காரணம் இருக்கும். பெரும்பாலும் அந்தக் காரணம் சிறுநீரகம்.

பெரியம்மா வீட்டுப் பொட்டுவை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். 13 வயதுப் பெண் பூனை, நெற்றியில் கறுப்புப் பொட்டு. பெரியம்மா தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, இது நல்லாத்தான் திங்குது, நல்லாத்தான் ஓடுது. ஆனா எந்நேரமும் பீலியடியிலதான் நிக்குது. ராவுல அடுப்புச் சாம்பலையும் நனைச்சு வைக்குது." சாம்பலைப் பற்றி அவர் சொன்னது எனக்கு முக்கியமாகப் பட்டது. லயத்துப் பூனைகள் பொதுவாக வெளியே தேயிலைக்குள் போய் வருவதால் எவ்வளவு சிறுநீர் போகிறது என்று யாருக்கும் தெரியாது. மழை இரவில் வெளியே போக மனமில்லாமல் சாம்பலிலோ மண்பெட்டியிலோ போகும்போதுதான் அளவு கண்ணுக்குத் தெரிகிறது. நனைந்த சாம்பல் கட்டி முன்பு எலுமிச்சம்பழ அளவில் இருந்தது, இப்போது பெரிய உருண்டையாக இருக்கிறது, அதுவும் ஒரே இரவில் இரண்டு மூன்று இடத்தில் இருக்கிறது என்றால் சிறுநீர் கூடியிருக்கிறது.

இது ஏன் முதல் அடையாளமாக வருகிறது என்று கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் இது புரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும். பூனையின் ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 2 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன, நெஃப்ரோன் என்பார்கள். வயதாக ஆக அவை ஒவ்வொன்றாகச் சாகின்றன, செத்தது திரும்ப வளராது. பாதிப்பேர் வேலைக்கு வராத நாளில் வந்தவர்கள் தலையிலேயே முழு மலையின் கொழுந்து நிறையும் விழுவதுபோல, மிச்சமிருக்கிற நெஃப்ரோன்கள் எல்லா இரத்தத்தையும் வடிகட்ட ஓடுகின்றன. அந்த ஓட்டத்தில் தண்ணீரை உறிஞ்சித் திரும்ப உடம்புக்குக் கொடுக்க அவற்றுக்கு நேரம் கிடைப்பதில்லை. அதனால் சிறுநீர் வெளிறி, நீர்த்து, அதிகமாகப் போகிறது. போன தண்ணீரை ஈடுகட்டத்தான் பூனை குடிக்கிறது. ஆக, குடிப்பதால் சிறுநீர் கூடவில்லை, சிறுநீர் கூடியதால் குடிக்கிறது. இதைத் தலைகீழாக விளங்கிக்கொண்டு, ராத்திரியில் வீட்டை நனைக்கிறது என்று தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து வைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்தப் பூனை ஒரே நாளில் வறண்டுபோய், இருக்கிற நெஃப்ரோன்களிலும் கொஞ்சத்தை இழக்கும்.

மூன்றில் இரண்டு பங்கு நெஃப்ரோன் போனபிறகுதான் சிறுநீர் இப்படி நீர்த்துப் போகத் தொடங்குகிறது. இரத்தப் பரிசோதனையில் கிரியட்டினின் என்ற கழிவு கூடுவதற்கு நான்கில் மூன்று பங்கு போக வேண்டும். ஆகவே நாம் "ஆரம்பம்" என்று சொல்வதே உண்மையில் பாதி வழிக்கு மேல் வந்த இடம். வாந்தி, வாய் நாற்றம், சாப்பாட்டை மோந்து பார்த்துவிட்டு விலகுவது, எச்சில் வடிவது எல்லாம் அதற்கும் பின்னால் வருபவை. அதுவரை காத்திருந்தால் உணவால் செய்யக்கூடியது குறைந்துவிடும்.

குடிக்கிற அளவை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு நாள் முழுக்கப் பூனையை உள்ளே வைத்து, காலையில் 400 மில்லி தண்ணீரை அளந்து கிண்ணத்தில் ஊற்றி, மறுநாள் காலை மிச்சத்தை அளக்க வேண்டும். நம் குளிரில் ஆவியாகிப் போவது கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவுதான். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 50 மில்லிக்குக் கீழே குடித்தால் சாதாரணம். அதற்கு மேல் போனால் சந்தேகிக்க வேண்டும், 100 மில்லியைத் தாண்டினால் நிச்சயமாக ஏதோ நோய். பொட்டுவின் எடை 3.6 கிலோ, அதனால் 180 மில்லி அதற்கு எல்லை. அது குடித்தது 290 மில்லி. அதுவும் குழம்பும் சோறுமாகப் பிசைந்த ஈரச்சாப்பாடு தின்கிற பூனை. அப்படிப்பட்ட பூனை கிண்ணத்தில் தனியாக இவ்வளவு குடிக்கக்கூடாது.

இரண்டாவது அடையாளம் எடை. இதை நம்மவர்கள் யாரும் பார்ப்பதில்லை, ஏனென்றால் தினமும் காண்கிற உடம்பு மெலிவது கண்ணுக்குப் பிடிபடாது. அமெரிக்காவில் 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் நூற்றுக்கணக்கான பூனைகளின் பழைய எடைக் குறிப்புகளைத் தோண்டிப் பார்த்தார்கள். நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு மூன்று வருடங்களுக்கு முன்பே எடை இறங்கத் தொடங்கியிருந்தது, கடைசி ஒரு வருடத்தில் மட்டும் நடுத்தரமாக 9 சதவீதம் அளவு குறைந்திருந்தது. 4 கிலோப் பூனைக்கு அது 350 கிராம் சொச்சம். குளியலறைத் தராசில் நீங்கள் பூனையைத் தூக்கிக்கொண்டு ஏறி, அப்புறம் தனியே ஏறிக் கழித்துப் பார்த்தால் இந்தச் சின்ன வித்தியாசம் சரியாக வராது. மரக்கறிக் கடையில் இருக்கிற டிஜிட்டல் தராசு இதற்கு மிக நல்லது. ஒரு கூடையிலோ காட்போட் பெட்டியிலோ போட்டுக் கொண்டுபோய் நிறுத்து, பெட்டியின் எடையைக் கழித்து, கலண்டரில் எழுதி வையுங்கள். மாதம் ஒரு தடவை போதும். பொட்டுவுக்குக் கருத்தடை செய்தபோது கொடுத்த அட்டையைப் பெரியம்மா பத்திரமாக வைத்திருந்தார். அதில் 4.2 கிலோ. இப்போது 3.6. ஏழில் ஒரு பங்கு உடம்பு போயிருந்தது, "நல்லாத்தான் திங்குது" என்கிற பூனைக்கு. வயிறு தொங்கலாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. முதுகைத் தடவினால் முள்ளந்தண்டு கையில் தட்டுப்பட்டது. தசை முதலில் முதுகிலும் பின்தொடையிலும்தான் கரையும், அதனால் கையை அங்கே வையுங்கள்.

நிறையத் தின்றும் மெலிகிற பூனைக்கு வேறு காரணங்களும் உண்டு. தைரொயிட் அதிகமாகச் சுரந்தாலும் நீரிழிவு வந்தாலும் இதே மாதிரி குடிக்கும், இதே மாதிரி மெலியும். அதனால் அடையாளத்தை வைத்து வீட்டிலேயே முடிவுகட்ட முடியாது, பரிசோதனை வேண்டும்.

நம் டவுன்களில் இருக்கிற அரச கால்நடை வைத்திய அலுவலகங்கள் பெரும்பாலும் கறவை மாட்டையும் ஆட்டையும் பார்க்கிறவை. பூனையின் இரத்தப் பரிசோதனைக்குக் கண்டிப் பக்கம்தான் போக வேண்டியிருக்கிறது. தனியார் கிளினிக்குகள் உண்டு, பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவ பீடத்துப் போதனா வைத்தியசாலையும் உண்டு. அவ்வளவு தூரம் போகும்போது கையோடு சிறுநீரும் கொண்டுபோவது நல்லது. மணலோ சாம்பலோ ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதால், கழுவிக் காயவைத்த ஒரு தட்டில் பொலித்தீனைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிப் போட்டு, பூனையை அந்த அறையில் விடுங்கள். பெரும்பாலான பூனைகள் கிளறிப் பார்த்துவிட்டு அதிலேயே போய்விடும். அதை ஊசி போடாத சிரிஞ்சால் உறிஞ்சி மூடியுள்ள சுத்தமான போத்தலில் போட்டு, சில மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அங்கே ஒளிமுறிவுமானியில் ஒரு துளி விட்டு அடர்த்தி எண்ணைப் பார்ப்பார்கள். நிறம் மாறுகிற பட்டைக் குச்சியில் வருகிற அடர்த்தி எண் பூனைக்கு நம்பத்தக்கதல்ல, அதனால் ஒளிமுறிவுமானியில் பார்த்தார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நல்ல சிறுநீரகமுள்ள பூனையின் சிறுநீர் 1.035-க்கு மேல் இருக்க வேண்டும். பொட்டுவுக்கு வந்தது 1.015.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். பொட்டுவின் இரத்த அறிக்கையில் கிரியட்டினின் ஒரு டெசிலீட்டருக்கு 2.2 மில்லிகிராம். அறிக்கையிலேயே அச்சடித்திருந்த சாதாரண எல்லை 2.4 வரை. பொஸ்பரஸ் 5.4, அதன் எல்லை 7.5 வரை. எதற்கும் பக்கத்தில் நட்சத்திரக்குறி இல்லை, தடித்த எழுத்து இல்லை. இதைப் பார்த்துவிட்டு "ரிப்போர்ட் எல்லாம் நோர்மல்" என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் சிறுநீரக நோய்க்கென்று உலகம் முழுவதும் கால்நடை வைத்தியர்கள் பின்பற்றுகிற ஐரிஸ் என்ற வகைப்படுத்தலில் கிரியட்டினின் 1.6 முதல் 2.8 வரை இருந்தால் அது இரண்டாம் நிலை. 2.9 முதல் 5 வரை மூன்றாம் நிலை, அதற்கு மேல் நான்காம் நிலை. கூடவே சிறுநீர் 1.015 என்று நீர்த்திருக்கும்போது அந்த 2.2-ஐச் சாதாரணம் என்று எடுக்கவே முடியாது. இன்னொன்று, கிரியட்டினின் தசையிலிருந்து வருவது. தசை கரைந்த கிழட்டுப் பூனைக்கு அந்த எண் இருக்க வேண்டியதைவிடக் குறைவாகவே காட்டும். எஸ்டிஎம்ஏ என்ற பரிசோதனை தசையைச் சாராதது, சீக்கிரமே கூடிக் காட்டக்கூடியது, ஆனால் எல்லா இடத்திலும் கிடைக்காது. கிடைக்காவிட்டால் கிரியட்டினின், சிறுநீர் அடர்த்தி, எடைக் குறிப்பு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் வழி. ஒரே பரிசோதனையை வைத்து நிலையை முடிவுசெய்யவும் கூடாது, உடம்பு வறண்டிருந்தால் அன்றைக்கு மட்டும் எண் ஏறியிருக்கும். சில வாரம் கழித்துத் திரும்பப் பார்த்தபோதும் பொட்டுவுக்கு அதே அளவுதான். இரத்த அழுத்தம் 150. 160-ஐத் தாண்டினால் மாத்திரை பற்றி யோசிக்கத் தொடங்குவார்கள், 180-க்குப் போனால் விழித்திரை கழன்று ஒரே இரவில் கண் பார்வையே போகலாம். அதனால் இந்த அளவையும் கேட்டு வாங்குங்கள். காலிலோ வாலிலோ சின்னப் பட்டி கட்டித்தான் அளக்கிறார்கள், வலிக்காது.

அந்தப் பொஸ்பரஸ் 5.4-க்கு வருவோம், உணவின் கதை முழுக்க அதில்தான் இருக்கிறது.

பொஸ்பரஸ் எலும்புக்கும் உயிரணுவுக்கும் தேவையான தாது. மீன், இறைச்சி, பால் எல்லாவற்றிலும் இருக்கிறது. மிஞ்சியதைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். நெஃப்ரோன் குறைந்தபிறகு அது தேங்குகிறது. தேங்குவதைத் தள்ளிவிட உடம்பு பராதைரொயிட் போன்ற சுரப்புகளைக் கூட்டுகிறது, அவை எலும்பிலிருந்து கல்சியத்தை இழுக்கின்றன, கல்சியமும் பொஸ்பரஸும் சேர்ந்து சிறுநீரகத் திசுவிலேயே படிகின்றன, அந்தப் படிவு இன்னும் கொஞ்சம் நெஃப்ரோனைக் கொல்கிறது. நோய் தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிற இந்தச் சுற்றை வெளியிலிருந்து நாம் தடுக்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்று, வாய்க்குள் போகிற பொஸ்பரஸ். அதனால்தான் இரண்டாம் நிலைப் பூனைக்கு இரத்தத்தில் அது 4.6-ஐத் தாண்டக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள், ஆய்வுகூடத் தாளில் 7.5 என்று போட்டிருந்தாலும்.

இது வெறும் கணக்கு இல்லை. லண்டனில் நடந்து 2000-இல் வெளியான ஆய்வில், பொஸ்பரஸும் புரதமும் குறைத்த சிறுநீரக உணவைத் தின்ற பூனைகள் நோய் தெரிந்த பிறகு நடுத்தரமாக 633 நாட்கள் இருந்தன, அதைத் தின்ன மறுத்தவையோ சொந்தக்காரர்கள் கொடுக்காதவையோ 264 நாட்கள். பிடிவாதமாகத் தின்ன மறுத்தவை ஏற்கெனவே அதிகம் நோயுற்றவையாக இருந்திருக்கலாம் என்ற சந்தேகம் அந்த ஆய்வில் நியாயமானதே. ஆனால் மினசோட்டாவில் 45 பூனைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து இரண்டு வருடம் பார்த்த 2006-ஆம் ஆண்டு ஆய்வில், சிறுநீரக உணவு தின்ற பக்கத்தில் ஒரு பூனைகூடச் சிறுநீரகத்தால் சாகவில்லை. சாதாரண உணவு தின்ற பக்கத்தில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் செத்தன. இந்த நோய்க்கு இவ்வளவு தெளிவான சான்றுள்ள வேறு சிகிச்சை கிடையாது.

சரி, நம் வீட்டுப் பூனை என்ன தின்கிறது? பெரியம்மாவிடம் உட்கார்ந்து ஒரு நாள் சாப்பாட்டைக் கேட்டு எழுதினேன். சோற்றில் பிசைந்த நெத்தலிக் கருவாடு 20 கிராம் இருக்கும். டின்மீன் வாங்குகிற நாளில் முள்ளோடு ஒரு துண்டு. காலையும் மாலையும் பால்மா கரைத்த பால், சேர்த்துப் பார்த்தால் பால்மா 15 கிராம். முள்ளோடு தின்கிற சின்னக் கருவாட்டில் 100 கிராமுக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் பொஸ்பரஸ் இருக்கும், ஆகவே 20 கிராமில் 200-க்குக் குறையாது. பால்மா 15 கிராமில் 115 மில்லிகிராம் அளவு. டின்மீன் துண்டு 90, சோறு 40. மொத்தம் 450 மில்லிகிராம் பக்கம். பொட்டு அளவுள்ள பூனைக்கு ஒரு நாளைக்கு 190 கலோரி போதும், அந்தக் கலோரியைச் சிறுநீரக உணவில் கொடுத்தால் பொஸ்பரஸ் சுமார் 200 மில்லிகிராம்தான் போகும். பாதிக்கும் குறைவு. கருவாட்டு உப்பு இரத்த அழுத்தத்துக்கு வேறு நல்லதல்ல.

இந்த இடத்தில் நிறையப் பேர் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள். "கிட்னிக்குப் புரதம் ஆகாது" என்று யாரோ சொன்னதை வைத்து மீன், இறைச்சி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுச் சோறும் பாலும் மட்டும் கொடுக்கிறார்கள். பூனை மாமிச பட்சணி. சாப்பாட்டில் புரதம் குறைந்தால் மனித உடம்பு தன் செலவைக் குறைத்துக்கொள்ளும், பூனையின் உடம்புக்கு அது முடியாது, சொந்தத் தசையைக் கரைத்து எரிக்கும். ஏற்கெனவே மெலிந்த பூனை இன்னும் வேகமாக மெலியும். அதிலும் பால் பொஸ்பரஸ் நிறைந்தது. புரதத்தை அளவோடு, நல்ல தரத்தில் வைத்துக்கொண்டு பொஸ்பரஸைக் குறைப்பதுதான் வேலை. இதை வீட்டுச் சமையலில் சரியாகச் செய்வது கஷ்டம் என்பதாலேயே கடையில் கிடைக்கிற சிறுநீரக உணவை நான் முதலில் சொல்கிறேன். அதில் பொஸ்பரஸ் குறைவு, மீனெண்ணெய்க் கொழுப்பும் பொட்டாசியமும் பி வகை விட்டமினும் கூட்டியிருப்பார்கள். விலை அதிகம்தான், மறுக்கவில்லை. கண்டியிலோ கொழும்பிலோ சொல்லி வைத்து எடுக்க வேண்டியிருக்கும். முழுச் சாப்பாட்டையும் அதற்கு மாற்றக் கட்டாவிட்டால் பாதியையாவது மாற்றி, மிச்சப் பாதியிலிருந்து கருவாட்டையும் பால்மாவையும் எடுத்துவிடுங்கள். ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

மாற்றுகிற வேகத்தில்தான் பெரும்பாலும் எல்லாம் கெட்டுப்போகிறது. பூனைக்குக் குமட்டல் இருக்கிற நாளில் புது உணவை வைத்தால், அந்த வாசனையையும் அந்தக் குமட்டலையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொண்டு அதை ஆயுளுக்கும் தொடாது. அதனால் வாந்தி இருந்தால் முதலில் மருந்தால் அதை அடக்கி, பூனை தன் பழைய சாப்பாட்டை ஒழுங்காகத் தின்கிற நிலைக்கு வந்தபிறகுதான் தொடங்க வேண்டும். பொட்டுவுக்கு முதல் வாரம் புது உணவைத் தனித் தட்டில் பழைய தட்டுக்குப் பக்கத்தில் சும்மா வைத்தோம், மோந்து பார்த்துவிட்டுப் போனது. அடுத்த வாரம் பழையதில் ஒரு தேக்கரண்டி கலந்தோம். அப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஒன்றரை மாதம் போல் எடுத்துத்தான் முழுதாக மாற்றினோம். கலந்ததைத் தின்னாத நாளில் ஒரு படி பின்னால் போனோம். பட்டினி போட்டால் தானாகத் தின்னும் என்பது நாய்க்குச் சரிவரலாம். பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் கொழுப்பு ஈரலில் போய்த் தேங்கி அதுவே உயிருக்கு ஆபத்தாகும்.

நம் குளிருக்கென்று இரண்டு விஷயம். ஈர உணவுப் பக்கற்றைத் திறந்தவுடன் கொடுத்தால் கொழுப்பு உறைந்து வாசனையே இல்லாமல் இருக்கும், பூனை வாசனையை நம்பித் தின்கிற பிராணி. தட்டைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் ஐந்து நிமிடம் வைத்து, விரலுக்கு இளஞ்சூடாக இருக்கும்போது கொடுங்கள். இரண்டாவது, உலர் உணவுப் பை. பனியிலும் மழையிலும் வீட்டுக்குள்ளேயே ஈரம் ஏறும், திறந்து வைத்த பை நமுத்து, கொழுப்புச் சிக்கடித்து, பூஞ்சணமும் பிடிக்கும். வந்த பையோடேயே இறுக்கிச் சுருட்டிப் பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடுங்கள். முடிந்தவரை ஈர உணவுதான் நல்லது, அதில் முக்கால் பங்கு தண்ணீர். உலர் உணவில் பத்தில் ஒரு பங்குதான்.

மண்சரிவு, ரயில் இல்லை, கடையில் சரக்கில்லை என்று உணவு தீர்ந்துபோகிற நாள் நம் பக்கம் வரும். அந்தச் சில நாட்களுக்கு, தோலோடு அவித்த கோழித் தொடை இறைச்சி 40 கிராம், அவித்த முட்டையின் வெள்ளைக்கரு ஒன்று, குழைந்த சோறு 40 கிராம், கோழிக் கொழுப்பு கொஞ்சம் என்று பிசைந்து கொடுக்கலாம். பொஸ்பரஸ் 100 மில்லிகிராமைத் தாண்டாது. வெள்ளைக்கரு இதில் பெரிய உதவி, ஒன்றில் வெறும் 5 மில்லிகிராம் பொஸ்பரஸ்தான், புரதமோ முதல்தரம். மஞ்சள்கரு ஒன்றில் 65 வரை இருக்கிறது, அதை நீங்களே சாப்பிட்டுக்கொள்ளுங்கள். முள், எலும்பு, ஈரல் வேண்டாம். லீக்ஸ், வெங்காயம், பூண்டு போட்ட குழம்பு கூடவே கூடாது, அவை பூனையின் சிவப்பணுவை உடைக்கும், சிறுநீரக நோயுள்ள பூனைக்கு ஏற்கெனவே இரத்தம் குறைவாக இருக்கும். ஆனால் இந்தச் சாப்பாட்டை மாதக்கணக்கில் கொடுக்க முடியாது. கல்சியம் இதில் ஏறக்குறைய இல்லை. டோரின் என்ற சத்து வெள்ளைக்கருவில் கிடையாது, இறைச்சியில் இருப்பதும் அவித்த தண்ணீரில் கரைந்து போய்விடும், அது குறைந்தால் பூனையின் இதயமும் கண்ணும் கெடும். சிறுநீரக நோய்க்கென்று புத்தகங்களிலும் இணையத்திலும் இருந்த வீட்டுச் சமையல் குறிப்புகளை 2012-இல் கலிபோர்னியாவில் ஆராய்ந்தபோது ஒன்றுகூடத் தேவையான எல்லாச் சத்தையும் நிறைவு செய்யவில்லை. நிரந்தரமாக வீட்டிலேயே சமைக்க வேண்டுமென்றால் டோரின், கல்சியம், விட்டமின் எல்லாவற்றுக்கும் கிராம் கணக்கு வைத்தியர் போட்டுக்கொடுக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத பொஸ்பரஸும் இருக்கிறது. சொசேஜ், மீட்போல் போன்ற பதப்படுத்திய இறைச்சியிலும் சில மலிவான பூனை உணவுகளிலும் பொஸ்பேட் உப்பாகவே சேர்க்கிறார்கள். மீனிலும் இறைச்சியிலும் இயல்பாக இருப்பதைவிட இது மிக வேகமாக இரத்தத்தில் ஏறும். ஆரோக்கியமான பூனைக்கே இந்த உப்பு அதிகமானால் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது என்று பரிசோதனைகளில் கண்டிருக்கிறார்கள். பெட்டியில் பொருள்களின் பட்டியலைப் படித்து, பொஸ்பேட் என்று முடிகிற எது இருந்தாலும் திரும்ப வைத்துவிடுங்கள்.

உணவை மாற்றி இரண்டு மாதம் போல் கழித்துப் பார்த்தபோது பொட்டுவுக்குப் பொஸ்பரஸ் 4.3. கிரியட்டினின் 2.3, அதாவது ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கிறது. அது இறங்கும் என்று எதிர்பார்க்கக்கூடாது, செத்த நெஃப்ரோன் செத்ததுதான், ஏறாமல் நின்றால் அதுவே உணவு வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். எடை 3.7 கிலோ. கல்சியத்தையும் பார்த்தார்கள், ஏனென்றால் பொஸ்பரஸை மிகவும் குறைத்த உணவில் சில பூனைகளுக்குக் கல்சியம் ஏறிவிடுகிறது, அப்படியானால் அவ்வளவு கடுமையில்லாத, மூப்படைந்த பூனைகளுக்கான உணவுக்கு மாற்ற வேண்டிவரும். பொட்டுவுக்கு ஏறவில்லை. உணவை மாற்றியும் பொஸ்பரஸ் 4.6-க்கு மேலேயே நின்றிருந்தால் அடுத்தது பொஸ்பரஸைக் குடலிலேயே பிடித்துக்கொள்கிற அலுமினியம் ஹைட்ரொக்சைட் போன்ற மருந்து. அதைச் சாப்பாட்டோடு கலந்தால்தான் வேலை செய்யும், வெறும் வயிற்றில் கொடுத்துப் பிரயோசனமில்லை. மனிதர்களின் வயிற்றெரிவு மருந்தில் அது இருக்கிறதே என்று வாங்கி ஊற்றிவிடாதீர்கள், அவற்றில் பெரும்பாலும் மக்னீசியமும் சேர்ந்திருக்கும், கெட்டுப்போன சிறுநீரகத்தால் அதையும் வெளியேற்ற முடியாது. பனடோல் பூனைக்கு நஞ்சு, அரை மாத்திரையே கொல்லும். முற்றத்தில் ஈஸ்டர் லில்லி நட்டிருந்தால் பிடுங்கிவிடுங்கள், அதன் மகரந்தத்தை நக்கினாலே நல்ல சிறுநீரகம்கூட இரண்டு மூன்று நாளில் நின்றுபோகும்.

பெரியம்மா இப்போது கேட்பது வேறு. "கருவாடு பொரிக்கிற நாளுல காலைச் சுத்திச் சுத்தி வந்து கத்துதே, ஒரே ஒரு நெத்தலி குடுத்தா என்ன?" வாரத்தில் ஒரு நாள், தலையையும் முள்ளையும் எடுத்துவிட்டு, உப்புப் போகக் கழுவி, சதையில் ஒரு சின்னத் துண்டு என்றால் கணக்கு கெடாது என்று சொல்லியிருக்கிறேன். பழையபடி முழு நெத்தலி தினமும் என்று போனால் அடுத்த இரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும். இந்த நிலையில் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும் என்கிறார்கள், இரத்தம், சிறுநீர், அழுத்தம் மூன்றும். இடையில் கழுத்து தொங்கி, தலையைத் தூக்க முடியாமல் நடந்தால் பொட்டாசியம் இறங்கியிருக்கிறது, அதற்கு ஆறு மாதம் காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிப்போக வேண்டும் என்று கலண்டரில் எடை எழுதுகிற பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறோம்.